624 எண்கள் போதும்

1971-இல் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய பிரயண்ட் டக்கர்மேன் என்ற கணிதவியலாளர் ஒரு பகா எண்ணைக் கண்டுபிடித்தார். 2-இன் 19,937-ஆவது அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் கிடைக்கும் எண் அது. எழுதி முடிக்க 6,002 இலக்கங்கள் வேண்டும். அன்றைக்குத் தெரிந்திருந்த பகா எண்களில் அதுவே மிகப் பெரியது. ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்து, ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகத்தில் இருந்த மக்கோட்டோ மட்சுமோட்டோ, தக்குஜி நிஷிமுரா என்ற இருவர் அந்த எண்ணை ஒரு நிரலுக்குள் குடிவைத்தார்கள். மெர்சன் ட்விஸ்டர் என்ற அந்த நிரல் பற்றிய ஆய்வுக் கட்டுரை 1998 ஜனவரியில் வெளிவந்தது. இன்று உலகில் மிக அதிகமாகப் பயன்படும் ரேண்டம் எண் இயந்திரங்களில் ஒன்று அதுதான்.

பைத்தான் மொழியில் `random` என்று எழுதினால் பின்னணியில் ஓடுவது அது. புள்ளியியல் ஆய்வாளர்களின் ஆர் மொழி, ரூபி, பொறியாளர்களின் மேட்லேப் ஆகியவற்றிலும் தனியாக எதையும் கேட்காவிட்டால் கிடைப்பது அதுவே. பிஎச்பி மொழியின் `mt_rand`, சி++ மொழியின் `std::mt19937` ஆகிய பெயர்களில் உள்ள எழுத்துகளும் எண்ணும் அதைத்தான் குறிக்கின்றன.

கணினி தானாகத் தாயம் உருட்டாது. ஒரு தொடக்க எண்ணைக் கொடுத்தால், அதிலிருந்து ஒரு விதியின்படி அடுத்த எண், அதிலிருந்து அதற்கடுத்தது என்று கணக்குப் போட்டுக்கொண்டே போகும். அந்தத் தொடக்க எண்ணுக்கு விதை என்று பெயர். எந்த விதியாக இருந்தாலும் எப்போதாவது ஒருநாள் சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே நிற்கும். பழைய நிரல்கள் பலவற்றில் இந்தச் சுற்று சில நூறு கோடி எண்களுக்குள் முடிந்துவிடும். இன்றைய கணினிக்கு அது சில விநாடி வேலை. மெர்சன் ட்விஸ்டரின் சுற்றோ டக்கர்மேனின் பகா எண் அளவுக்கு நீளமானது. பிரபஞ்சம் தோன்றிய நாளிலிருந்து விநாடிக்கு 100 கோடி எண்கள் வீதம் எடுத்திருந்தாலும், இதுவரை எடுத்த எண்களின் எண்ணிக்கையை 27 இலக்கங்களில் எழுதிவிடலாம். சுற்றின் நீளத்தை எழுத வேண்டியவை 6,002 இலக்கங்கள்.

இந்த நீளத்தைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். இவ்வளவு பெரிய சுற்றில் அடுத்த எண்ணை யாரால் ஊகிக்க முடியும் என்று நினைத்து, கடவுச்சொல்லுக்கும் கிரிப்டோ பணப்பையின் ரகசியச் சாவிக்கும் இதையே நம்பிவிடுகிறார்கள். சுற்றின் நீளத்துக்கும் ஊகிக்க முடியாமைக்கும் சம்பந்தமே இல்லை. தமிழ் ஆண்டுகள் பிரபவ முதல் அட்சய வரை அறுபது. ஓர் ஆண்டு விசுவாவசு என்று தெரிந்தவருக்கு அடுத்தது பராபவ என்று சொல்லத் தயக்கமே இருக்காது. பட்டியல் அறுபதாக இல்லாமல் அறுபது கோடியாக இருந்தாலும், வரிசையின் விதியும் நிற்கும் இடமும் தெரிந்தவருக்கு அடுத்த பெயர் தெரியும். அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: வெளியே வரும் எண்களைப் பார்த்து, இயந்திரம் எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிக்க முடியுமா?

மெர்சன் ட்விஸ்டரில் முடியும். அதுவும் முழுமையாக.

இயந்திரத்தின் உள்ளே 624 எண்கள் வரிசையாக இருக்கின்றன; ஒவ்வொன்றும் 32 பிட். மொத்தம் 2,496 பைட், அதாவது சுமார் இரண்டரை கிலோபைட். ரேண்டம் எண் இயந்திரத்துக்கு இது மிகப் பெரிய உள்நிலை. புதிய எண் தேவைப்படும்போது, வரிசையின் முதல் எண்ணிலிருந்து ஒரே ஒரு பிட்டும், இரண்டாவது எண்ணிலிருந்து மீதி 31 பிட்டும் எடுத்து ஒட்டப்படுகின்றன. அதைச் சற்றே முறுக்கி, 398-ஆவது எண்ணுடன் எக்ஸ்-ஆர் செய்தால் 625-ஆவது எண் பிறக்கிறது. எக்ஸ்-ஆர் என்பது இரண்டு பிட்டும் ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1 என்று எழுதும் செயல். இப்படிப் பிறந்த எண் வரிசையின் கடைசியில் சேர, முதல் எண் விலகிக்கொள்கிறது. இவ்வளவுதான் விதி. அந்த முதல் எண்ணின் மீதி 31 பிட்டுகளுக்கு இனி எந்த வேலையும் கிடையாது. 624-ஐ 32-ஆல் பெருக்கி 31-ஐக் கழித்தால் 19,937 வருவதைப் பார்க்கலாம். பகா எண்ணின் அடுக்கு அங்கிருந்துதான் வந்தது.

உள்ளே இருக்கும் எண் அப்படியே வெளியே தரப்படுவதில்லை. தரும் முன் நான்கு வரிகளில் அது பதப்படுத்தப்படுகிறது:

```c
y ^= y >> 11;
y ^= (y << 7) & 0x9d2c5680;
y ^= (y << 15) & 0xefc60000;
y ^= y >> 18;
```

முதல் வரி, எண்ணை 11 இடம் வலப்பக்கம் நகர்த்தி, அந்த நகலை மூல எண்ணுடனேயே எக்ஸ்-ஆர் செய்கிறது. மற்ற மூன்றும் அதே வகை. எண்கள் இன்னும் நன்றாகப் பரவ வேண்டும் என்பதற்காகச் சேர்க்கப்பட்ட படி இது. பார்ப்பவருக்கு உள்ளே இருப்பதை மறைக்கும் திரை போலத் தோன்றும். ஆனால் இந்த நான்கு வரிகளையும் பின்னோக்கி ஓட்டிவிட முடியும். கையாலேயே செய்து பார்க்கலாம்.

32 பிட்டுக்குப் பதில் 8 பிட் எண்ணையும், 11 இடத்துக்குப் பதில் 3 இடத்தையும் எடுத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் எண் 10110100. அதை மூன்று இடம் வலப்பக்கம் நகர்த்தினால் 00010110. இரண்டையும் எக்ஸ்-ஆர் செய்தால் 10100010. வெளியே தெரிவது இந்தக் கடைசி எண் மட்டும். இதை 101, 000, 10 என்று இடமிருந்து பிரித்துக்கொள்ளுங்கள். நகர்த்திய நகலின் முதல் மூன்று இடங்கள் பூஜ்யம் என்பதால், முதல் மூன்று பிட்டுகளான 101 எந்த மாற்றமும் இல்லாமல் வந்திருக்கின்றன. அடுத்த மூன்று பிட்டுகள் அந்த முதல் மூன்றுடன்தான் எக்ஸ்-ஆர் ஆகியிருக்க வேண்டும். ஆகவே 000-ஐ 101-உடன் மறுபடி எக்ஸ்-ஆர் செய்தால் 101 கிடைக்கிறது. கடைசி இரண்டான 10-ஐ, இப்போது கிடைத்த 101-இன் முதல் இரண்டு பிட்டுகளுடன் எக்ஸ்-ஆர் செய்தால் 00. சேர்த்துப் படித்தால் 10110100. மறைந்திருந்த எண் முழுதாக வந்துவிட்டது.

நான்கு வரிகளுக்கும் இதே வழிதான். வெளியே வந்த ஒவ்வொரு 32 பிட் எண்ணிலிருந்தும், உள்ளே இருந்த ஒரு எண்ணை ஐயமின்றி மீட்டுவிடலாம். தொடர்ச்சியாக 624 எண்கள் கிடைத்தால் வரிசை முழுவதும் கையில். அதன்பிறகு அந்த இயந்திரம் தரப்போகும் ஒவ்வொரு எண்ணையும் அது தருவதற்கு முன்பே எழுதிவைக்கலாம். இயந்திரத்தை எந்த இடத்தில் பிடித்தாலும் சரி, தொடர்ச்சியான 624 எண்கள் இருந்தால் போதும். ஒரு மடிக்கணினிக்கு இது கண்ணிமைக்கும் நேர வேலை. பைத்தானில் இன்னும் சுலபம். மீட்ட எண்களை `random.setstate` என்ற செயல்கூறுக்குள் ஊட்டினால், மூல இயந்திரத்தின் இரட்டைப் பிறவி ஒன்று தயாராகிவிடும்.

எல்லோரும் புகழும் பண்புதான் இங்கே கதவைத் திறந்து விடுகிறது என்பது இந்த விஷயத்தின் மிக அழகான பகுதி. மட்சுமோட்டோவும் நிஷிமுராவும் தங்கள் கட்டுரைத் தலைப்பிலேயே பெருமையாகச் சொன்னது, 623 பரிமாணங்களில் சீரான பரவல் என்பதை. அதாவது அடுத்தடுத்த 623 எண்களை ஒரு தொகுதியாக எடுத்தால், சாத்தியமான எல்லாத் தொகுதிகளும் முழுச் சுற்றுக்குள் சம அளவில் வந்து போகும். எல்லாமே பூஜ்யமான தொகுதி மட்டும் ஒரு முறை குறையும். பருவநிலை, அணு உலை, பங்குச்சந்தை என்று கணினியில் மாதிரி ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் கணக்கைத் திருப்பிப் பாருங்கள். 623 எண்களில் உள்ளவை 19,936 பிட். உள்நிலையில் உள்ளவை 19,937 பிட். வித்தியாசம் ஒன்றே ஒன்று. ஆகவே 623 எண்களைப் பார்த்தவருக்கு இயந்திரம் இரண்டு நிலைகளில் ஏதோ ஒன்றில்தான் இருக்க முடியும் என்று தெரிந்துவிடுகிறது. 624-ஆவது எண் அந்த மிச்சக் குழப்பத்தையும் தீர்க்கிறது. உள்நிலை முழுவதையும் ஒரு பிட்கூட வீணாக்காமல் வெளியே பரப்பிவிடுவதுதான் சீரான பரவல். மாதிரி ஓட்டுபவருக்கு நல்லது எதுவோ, ரகசியம் காப்பவருக்கு அதுவே நஞ்சு.

முழு எண்களைக் காட்டாமல் துணுக்குகளை மட்டும் காட்டினால் தப்பிக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. ஓர் இணைய விளையாட்டு நாணயம் சுண்டி, பூவா தலையா என்று ஒரு பிட்டை மட்டும் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இயந்திரத்தின் உள்ளே நடப்பதெல்லாம் பிட்டுகளை நகர்த்துவதும் எக்ஸ்-ஆர் செய்வதும் மட்டுமே. அதனால் வெளியே தெரியும் ஒவ்வொரு பிட்டும், தெரியாத 19,937 பிட்டுகளில் சிலவற்றின் எக்ஸ்-ஆர் கூட்டல். சுமார் 20,000 முறை சுண்டுவதைக் குறித்துவைத்தால் அத்தனை சமன்பாடுகள் கிடைக்கும். பள்ளியில் இரண்டு சமன்பாடுகளை வைத்து x, y கண்டுபிடித்த அதே நீக்கல் முறையில் கணினி இவற்றைத் தீர்த்துவிடும். துணுக்குகளாகக் காட்டினால் உடைப்பவருக்குக் காத்திருப்பு கூடும், அவ்வளவே.

இது யாரும் ஒளித்துவைத்த குறை அல்ல. ரகசியக் குறியீட்டுக்கு இதை அப்படியே பயன்படுத்தக் கூடாது என்று உருவாக்கியவர்களே சொல்லிவிட்டார்கள். பைத்தானின் கையேட்டிலும் அந்த எச்சரிக்கை இருக்கிறது. இயந்திரத்தின் நோக்கமே வேறு. சி++ மொழியின் தரநிலை, `std::mt19937`-ஐ விதை எதுவும் கொடுக்காமல் ஓட்டினால் 10,000-ஆவதாக வரும் எண் 4123659995 ஆகத்தான் இருக்க வேண்டும் என்று விதிக்கிறது. உலகின் எந்தக் கணினியிலும், எந்த ஆண்டிலும் அதே எண். ஒரு ஆய்வாளர் செய்த கணிப்பை இன்னொருவர் அப்படியே திரும்பச் செய்து சரிபார்க்க இந்த மாறாத தன்மை அவசியம்.

இதுவரை சொன்ன ஓட்டைக்கு வெளியே வந்த எண்கள் தேவை. இரண்டாவது ஓட்டைக்கு அதுவும் வேண்டியதில்லை. 2023-இல் பணம் பறிபோனது அதன் வழியாகத்தான்.

லிப்பிட்காயின் எக்ஸ்ப்ளோரர் என்பது பிட்காயின் வேலைகளைக் கட்டளை வரியில் செய்ய உதவும் இலவச மென்பொருள். கட்டளையின் பெயர் `bx`. புதிய பணப்பை தொடங்க விரும்புபவர் `bx seed -b 256` என்று தட்டினால் ஒரு ரேண்டம் எண் கிடைக்கும். அதை 24 ஆங்கிலச் சொற்களாக மாற்றி எழுதிவைத்துக்கொள்ளலாம். அந்தச் சொற்களே பணப்பையின் சாவி. அந்த எண் 256 பிட் நீளம். சாத்தியமான சாவிகளின் எண்ணிக்கை 78 இலக்கம் கொண்டது. உலகின் எல்லாக் கணினிகளையும் சேர்த்தாலும் தேடி முடிக்க முடியாது.

ஆனால் அந்த மென்பொருளின் 3-ஆம் தலைமுறைப் பதிப்புகளில் அந்த 256 பிட்டும் மெர்சன் ட்விஸ்டரிலிருந்து வந்தன. ட்விஸ்டருக்கு விதையாகக் கொடுக்கப்பட்டது கணினிக் கடிகாரத்திலிருந்து எடுத்த வெறும் 32 பிட். இரண்டரை கிலோபைட் உள்நிலை முழுவதும் அந்த 32 பிட்டிலிருந்தே நிரப்பப்பட்டது. விதை எத்தனை விதமாக இருக்க முடியுமோ அத்தனை சாவிகள்தான் பிறக்க முடியும்: 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம். 78 இலக்க எண்ணிக்கை பத்து இலக்கமாகச் சுருங்கிவிட்டது.

திருடர்கள் செய்ய வேண்டியது நேரான வேலை. விதை 0, விதை 1, விதை 2 என்று ஒவ்வொன்றாகக் கொடுத்து, அதிலிருந்து 24 சொற்களையும், சொற்களிலிருந்து பணப்பையின் முகவரியையும் கணக்கிட வேண்டும். அந்த முகவரியில் பணம் இருக்கிறதா என்பதை பிட்காயினின் பொதுப் பேரேட்டில் யாரும் பார்க்கலாம். விளையாட்டுக்காக வாங்கிய ஒரு நல்ல கணினியே சில நாட்களில் மொத்தப் பட்டியலையும் முடித்துவிடும். 2023 ஜூலை 12 அன்று இப்படிப் பிறந்த பணப்பைகள் பல ஒரே சமயத்தில் காலி செய்யப்பட்டன. பணம் இழந்தவர்களுடன் சேர்ந்து துப்புத் துலக்கிய ஆய்வாளர் குழு, அடுத்த மாதம் காரணத்தை வெளியிட்டபோது 9 லட்சம் டாலருக்கு மேல் போயிருந்தது. குழு தனக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘மில்க் சாட்’. விதை 0 கொடுத்தால் வரும் 24 சொற்களில் முதல் இரண்டும் அவைதான்.

இந்தக் கட்டளையால் சாவி பலவீனமாகலாம் என்று மென்பொருளின் ஆவணத்தில் ஒரு வரி இருந்தது. சாவி தயாரிக்கும் கட்டளை ஒன்று எப்போதும் பாதுகாப்பான சாவியைத் தர வேண்டும். எச்சரிக்கையை வேறொரு பக்கத்தில் எழுதிவைத்துவிட்டுப் பொறுப்பைப் பயனர்மேல் போடுவது சரியல்ல. பணத்தை இழந்தவர்களில் எத்தனை பேர் அந்தப் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள்?

இது தனித்த சம்பவமும் அல்ல. ட்ரஸ்ட் வாலட் என்ற பணப்பையின் பிரவுசர் நீட்சியிலும் 2022 நவம்பரில் இதே 32 பிட் விதைக் குறை கண்டுபிடிக்கப்பட்டது. விரும்பிய எழுத்துகள் வரும்படி எதீரியம் முகவரிகளைத் தேடித் தரும் புரோஃபானிட்டி என்ற கருவி, ட்விஸ்டரின் 64 பிட் வடிவத்தை 32 பிட் விதையால் தொடக்கியது. 2022 செப்டம்பர் 15 அன்று அதன் ஆபத்து பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. ஐந்தே நாளில் வின்டர்மியூட் என்ற வணிக நிறுவனம் சுமார் 16 கோடி டாலரை இழந்தது. அந்தக் கருவியால் செய்த முகவரியே காரணம் என்று கருதப்படுகிறது.

பிஎச்பி தளங்களில் இதே ஓட்டை வேறு வடிவம் எடுத்தது. மறந்துபோன கடவுச்சொல்லை மாற்ற வரும் மின்னஞ்சல் இணைப்பில் நீளமான ஒரு குறியீடு இருக்கும். அதை `mt_rand` கொண்டு தயாரித்த தளங்கள் நிறைய இருந்தன. தாக்குபவர் முதலில் தன் சொந்தக் கணக்குக்கே குறியீடு கேட்பார். வந்த குறியீட்டிலிருந்து 32 பிட் விதையைத் தேடிப் பிடிப்பார். பிறகு அடுத்தவர் கணக்குக்குக் கேட்டால், அவருக்குப் போன குறியீட்டை மின்னஞ்சலைப் பார்க்காமலேயே கணக்கிடலாம். 2012-இல் ஆர்கிரோஸ், கியாயாஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பிஎச்பி செயலிகள் இவ்வகைத் தாக்குதலில் எப்படி விழுகின்றன என்று விரிவாகக் காட்டினார்கள். விதையைத் தேடுவதற்கென்றே `php_mt_seed` என்ற இலவசக் கருவியும் உண்டு.

அப்படியானால் பாதுகாப்பான இயந்திரம் எப்படி இருக்கும்? ட்விஸ்டரைவிடப் பெரியதாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பார்கள். 2016 முதல் லினக்ஸ் கருவகத்தின் ரேண்டம் எண்களுக்கு அடிப்படையாக இருப்பது சாசா20 என்ற முறை. அதன் உள்நிலை மொத்தமே 64 பைட். அதில் ரகசியமான சாவி 32 பைட். ட்விஸ்டரின் 2,496 பைட்டுடன் ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஆனால் சாசா20 எக்ஸ்-ஆரும் நகர்த்தலும் மட்டும் செய்வதில்லை, இடையிடையே எண்களைக் கூட்டுகிறது. கூட்டும்போது கைமாறும் மீதிகள், நீக்கல் முறையால் அவிழ்க்கக்கூடிய எளிய சமன்பாடுகளைக் குலைத்துவிடுகின்றன. இந்தக் கலக்கல் 20 சுற்றுகள் நடக்கிறது. வெளியே வந்ததிலிருந்து உள்ளே போக இதுவரை யாருக்கும் நடைமுறையில் பயன்படும் வழி கிடைக்கவில்லை. அதன் விதையும் கடிகாரத்தின் 32 பிட் அல்ல. வன்பொருளின் குறுக்கீடுகள் போன்ற, வெளியார் பார்க்க முடியாத சலசலப்புகளிலிருந்து இயங்குதளம் திரட்டுவது.

நிரலாளர்களுக்கு இதைத் தேடிப் போகவேண்டிய சிரமமும் இல்லை. பைத்தானில் 2016-இல் வந்த 3.6 பதிப்பிலிருந்து `secrets` இருக்கிறது. பிஎச்பி 7-இலிருந்து `random_int`, `random_bytes` இருக்கின்றன. சி++ எழுதுபவர் இயங்குதளத்தின் ரேண்டம் வசதியை நேரே அழைக்கலாம். சீட்டுக் குலுக்கி வாடிக்கையாளருக்குப் பரிசு தருவது, ஓடிபி அனுப்புவது, கூப்பன் எண் தயாரிப்பது போன்ற எதையாவது எழுதிவைத்திருப்பவர்கள் தங்கள் நிரலில் `random.` என்றும் `mt_rand` என்றும் `mt19937` என்றும் ஒருமுறை தேடிப்பார்ப்பது நல்லது. மாதிரி ஓட்டும் இடத்தில் அது இருந்தால் விட்டுவிடலாம். யாரோ ஒருவர் ஊகித்தால் இன்னொருவருக்கு நட்டம் வரும் இடத்தில் இருந்தால் இன்றே மாற்ற வேண்டும்.

பணப்பை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குறையுள்ள பதிப்பில் உருவான சாவி, மென்பொருளைப் புதுப்பித்த பிறகும் அதே பழைய சாவிதான். அதே 24 சொற்களை வேறொரு நல்ல பணப்பைச் செயலிக்கு மாற்றினாலும் பலவீனம் கூடவே வரும். பாதுகாப்பான முறையில் புதிய சாவி உருவாக்கி, பணம் முழுவதையும் அந்தப் புதிய முகவரிக்கு அனுப்புவது ஒன்றே வழி.